கன்று, குட்டிகளுக்குத் தொப்புள் சீழும் மூட்டு வீக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் சுற்றுவட்டாரத்திலும் ஏற்காட்டு மலையிலும் மாடு, செம்மறி வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் மூட்டு வீங்கிய பிறகுதான் கேட்கிறார்கள் என்பதால் பதிலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

கன்னு பிறந்து ஒன்பது நாள். நேத்து வரைக்கும் துள்ளிட்டு இருந்துச்சு. இன்னிக்கு முன்னங்கால் முட்டி வீங்கி, கால ஊன்ற மாட்டேங்குது. கட்டுத்தரையில வழுக்கி விழுந்திருக்குமா?

விழுந்திருக்கலாம். ஆனால் ஒரு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு மூட்டு வீங்கினால், அடிபட்டதா என்று யோசிப்பதற்கு முன் தொப்புளைத் தொட்டுப் பாருங்கள்.

முதலில் கன்றை நிற்க வைத்து, இரண்டு முன்னங்கால் முட்டிகளையும் ஒரே நேரத்தில் இரண்டு உள்ளங்கையால் பிடியுங்கள். வீங்கியது மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா, தோல் இறுகி விம்மியிருக்கிறதா, மெதுவாக மடக்கினால் கன்று காலை வெடுக்கென்று இழுக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் பின்னங்கால்களில் நடுவில் பின்பக்கமாகப் புடைத்திருக்கும் மூட்டையும், குளம்புக்கு மேலே உள்ள மூட்டையும் இதே போலச் சோடியாகப் பிடித்துப் பாருங்கள். கிருமியால் வரும் வீக்கம் ஒரு மூட்டோடு நிற்காமல் அடுத்ததற்கும் போகும். முதல் நாள் கண்ணுக்குத் தெரியாது, கைக்கு மட்டும் இலேசான சூடு தெரியும்.

ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டும். பால் குடிப்பது குறைந்திருக்கும், படுத்தே கிடக்கும். வெறும் அடி என்றால் கன்று நொண்டும், ஆனால் காய்ச்சல் இருக்காது, மடியைக் கண்டால் நொண்டிக்கொண்டே ஓடி வந்து குடிக்கும். எலும்பு முறிந்திருந்தால் மூட்டே இல்லாத இடத்தில் கால் வளையும், தொங்கும். பிறந்ததிலிருந்தே முட்டி மடங்கி நிற்கிற கன்றுக்குத் தசைநாண் இழுத்திருக்கும், அங்கே சூடும் வலியும் இருக்காது.

காய்ச்சலும் சூடான மூட்டும் சேர்ந்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள். இரண்டு மூன்று நாள் கடந்தால் மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான குருத்தெலும்பை சீழ் அரிக்கத் தொடங்கிவிடும். அரித்த பிறகு எந்த ஊசியும் அதைத் திரும்ப வளர்த்துத் தராது.

கால் வீங்குறதுக்கும் தொப்புளுக்கும் என்னங்க சம்பந்தம்?

தொப்புள் கொடிக்குள் நான்கு குழாய்கள் இருக்கின்றன. நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் கொண்டு வரும் சிரை ஒன்று, திருப்பி அனுப்பும் தமனிகள் இரண்டு, கருவின் சிறுநீரை வெளியே கொண்டு போகும் குழாய் ஒன்று. கன்று விழும்போது கொடி இழுபட்டு அறும். அப்போது தமனிகள் இரண்டும் சுருங்கி வயிற்றுக்குள் போய்விடும். சிரை அப்படி முழுதாக உள்ளே போவதில்லை. ஈரமான நுனியோடு வெளியே நிற்கும்.

அந்தச் சிரை போய்ச் சேரும் இடம் ஈரல். ஆக, சாணமும் மூத்திரமும் கலந்த தரையில் கன்று படுத்தால் கிருமிக்கு ஈரலுக்கு நேர்வழி கிடைத்துவிடுகிறது. ஈரலிலிருந்து ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றும். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அதிகம், ரத்த ஓட்டமும் மெதுவானது. கிருமி அங்கே தங்கிப் பெருகும். சில கன்றுகளுக்குக் கண் வெளுக்கும், சிலதுக்கு மூளையைத் தொட்டுக் கழுத்து விறைக்கும், ஆனால் அதிகம் பார்ப்பது மூட்டைத்தான். கன்றுகளில் ஈ.கோலையும் சீழ் உண்டாக்கும் வேறு சில கிருமிகளும் இதைச் செய்கின்றன. செம்மறிக் குட்டிகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைதான் முக்கியக் காரணம்.

தொப்புள் ஒன்றே வாசல் என்றும் சொல்ல முடியாது. சீம்பால் சரியாகக் கிடைக்காத கன்றுக்குக் குடல் வழியாகவும் கிருமி ரத்தத்தில் ஏறும். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

எங்க கன்னுக்குத் தொப்புள் நல்லாக் காஞ்சு போச்சே. மேல பார்த்தா ஒண்ணுமே தெரியலயே?

மேலே காய்ந்து உள்ளே சீழ் பிடித்திருப்பதுதான் இந்த நோயில் ஏமாற வைக்கிற இடம். கண்ணால் பார்த்து முடிவுக்கு வராமல் விரலால் தேடுங்கள்.

கன்றைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பின்னங்காலை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தொப்புள் வயிற்றோடு சேரும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெதுவாக உருட்டுங்கள். ஒரு வாரக் கன்றுக்கு அது பென்சில் தடிமனில், உலர்ந்து, அழுத்தினால் வலியில்லாமல் இருக்க வேண்டும். கட்டைவிரல் தடிமனுக்கு மேல் இருந்தாலோ, அழுத்தும்போது கன்று முதுகை வளைத்து உதைத்தாலோ, விரலில் ஈரம் ஒட்டி நாற்றம் வந்தாலோ அது சீழ்தான்.

அப்புறம் வயிற்றைத் தளரவிட்டு இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தடவுங்கள். தொப்புளிலிருந்து கயிறு போன்ற தடிப்பு தலைப்பக்கம் போனால் சிரை வழியாக ஈரலை நோக்கிப் போயிருக்கிறது என்று பொருள். அதுதான் கவலைக்குரியது. வால் பக்கம் போனால் சிறுநீர்ப் பையை நோக்கிய தடிப்பு. அந்தக் கன்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி மூத்திரம் பெய்து கொண்டிருக்கும்.

தொப்புளில் மெத்தென்று ஒரு உருண்டை, சூடில்லை, அமுக்கினால் உள்ளே போய்விடுகிறது, விரல் நுழையும் வளையம் தட்டுப்படுகிறது என்றால் அது குடலிறக்கம். அது வேறு சங்கதி. அதைச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறினால் குடல் வெளியே வந்துவிடும்.

வைத்தியம் பண்ணினா சரியாகுமா? எத்தனை நாள் ஊசி போடணும்?

நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் ஒரு ஜெர்சி கலப்புக் கிடாரிக் கன்று. ஐப்பசி மழையில் ராத்திரி பிறந்தது. விடியும்போது கொடி தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசினார். ஐந்தாம் நாளிலிருந்து பால் குடிப்பது மந்தம். மலைக் குளிர் என்று நினைத்துச் சாக்கு போர்த்திவிட்டார்கள். ஒன்பதாம் நாள் வலது முன்முட்டி வீங்கி நின்றது.

டாக்டர் வந்து பார்த்தபோது காய்ச்சல் 104-க்கு மேல். தொப்புள் மேலே காய்ந்த பொருக்கு. அதை நனைத்து எடுத்து அமுக்கியதும் மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் ஒரு சொட்டு வந்தது. இடது பின்னங்கால் மூட்டையும் தொட்டுப் பார்த்தார். வீக்கம் இல்லை, சூடு மட்டும் இருந்தது. அன்றைக்கு அந்தச் சூட்டைக் கவனித்ததுதான் பின்னால் அந்தக் காலைக் காப்பாற்றியது.

முட்டியைச் சுற்றி முடியை மழித்து, சுத்தம் செய்து, ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்தார். நல்ல மூட்டு நீர் தெளிந்த வைக்கோல் நிறத்தில், விரலில் தொட்டால் நூல் போல நீளும். இதுவோ தண்ணீர் மாதிரி ஓடியது, கலங்கலாக, சிறு திப்பிகளோடு. ஒரு ஊசி வழியாக உள்ளே சலைன் செலுத்தி, இன்னொரு ஊசி வழியாக வெளியேற்றி, தெளிவாக வரும்வரை மூட்டைக் கழுவினார். வீட்டில் செய்கிற வேலையில்லை இது. மயக்கமும் கிருமி நீக்கமும் சரியாக இருந்தால்தான் செய்ய வேண்டும்.

கூடவே ஆன்டிபயாடிக் ஊசியும், வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாமும். மெலாக்சிகாம் அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். கன்று 30 கிலோ என்றால் 15 மில்லிகிராம். வலி குறைந்தால்தான் கன்று எழுந்து குடிக்கும், மூட்டும் அசையும். கடையில் டைக்ளோஃபெனாக் ஊசி வாங்கிப் போட நினைக்க வேண்டாம். பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்கிறது என்று 2006-லேயே கால்நடைகளுக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது, கன்று தானாக எழுந்து மடிக்குப் போனது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஊசியை நிறுத்துவார்கள். இவர்களும் நிறுத்தத்தான் பார்த்தார்கள். மூட்டுக்குள் மருந்து போய்ச் சேருவது கஷ்டம், சீழுக்குள் ஒளிந்திருக்கும் கிருமி ஒரு வாரம் கழித்துத் திரும்ப எழும். அதனால் மூன்று நாள், ஐந்து நாள் கணக்கு இங்கே செல்லாது. பத்து நாள், இரண்டு வாரம் என்று போகும். எந்த மருந்து, எவ்வளவு நாள் என்பதை டாக்டர் மூட்டைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இந்தக் கன்றுக்குப் பின்னங்கால் மூட்டு வீங்காமலேயே அடங்கியது. வலது முட்டி கொஞ்சம் தடித்தே இருக்கிறது, நடையில் இலேசான விறைப்பு. மேய்கிறது, வளர்கிறது.

ஒரே ஒரு மூட்டு, முதல் இரண்டு நாளுக்குள் வைத்தியம் என்றால் தேறுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று நான்கு மூட்டு, அதுவும் பத்து நாள் பழசு, மடக்கினால் கரகரவென்று உராய்கிறது என்றால் பணம் செலவழிப்பதற்கு முன் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். அந்த நிலையில் கன்றை வலியோடு வைத்துக்கொண்டிருப்பதைவிட அதன் பாட்டை முடித்துவிடச் சொல்வதும் வைத்தியத்தில் சேர்ந்ததே.

மூட்டு பழுத்து மெத்துனு இருக்கு. கீறி சீழ எடுத்துடலாமா?

கூடாது. தோலுக்கடியில் வரும் கட்டியைக் கீறலாம், மூட்டைக் கீறக் கூடாது. திறந்த மூட்டில் வெளிக்கிருமியும் சேர்ந்தால் அந்தக் கால் போனதுதான். சூட்டுக்கோல் வைப்பதும் அப்படியே.

தொப்புளுக்கு எந்த மருந்து வாங்கணும்? கடையில ஒவ்வொருத்தரும் ஒண்ணு குடுக்கிறாங்க.

டிங்சர் அயோடின். அதிலும் 7 சதவீதம் கிடைத்தால் நல்லது. அதில் இருக்கும் ஆல்கஹால் கொடியின் ஈரத்தை உறிஞ்சி உலர்த்தும், அயோடின் கிருமியைக் கொல்லும். இரண்டு வேலையும் நடக்க வேண்டும், ஏனென்றால் காய்ந்த கொடியில் கிருமி ஏறாது. டிங்சர் என்று பொதுவாகக் கேட்டால் கடையில் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது 2 சதவீதம். புட்டியின் மேல் போட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள், 7 வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும்.

அது கிடைக்காவிட்டால் 10 சதவீத போவிடோன் அயோடின் பரவாயில்லை. ஆனால் அது தண்ணீரில் கரைத்தது, உலர்த்தும் சக்தி குறைவு. ஆகவே ஒரு முறை முக்கிவிட்டு மறந்துவிடக் கூடாது, கொடி காயும்வரை ஒரு நாளைக்கு இரண்டு முறை முக்க வேண்டும். பால் கறந்தபின் காம்பில் முக்குவதற்கென்று விற்கும் மருந்து இதற்கு ஆகாது. காம்பு வெடிக்காமல் இருக்க அதில் மென்மையாக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள், அயோடினும் குறைவு. நமக்குக் கொடி காய வேண்டும், வழவழப்பாக அல்ல.

ஊதா நிற ஸ்ப்ரே, ஈ விரட்டும் ஸ்ப்ரே எல்லாம் பீய்ச்சுகிற பக்கத்தை மட்டும் நனைக்கும். கொடியின் பின்பக்கமும் அடிப்பகுதியும் அப்படியே இருக்கும்.

சரி, எப்படி முக்குறது? ஊத்தினா போதாதா?

ஊற்றினால் பாதி தரைக்குப் போய்விடும். வாய் அகன்ற சிறு புட்டியோ, இருமல் மருந்தோடு வரும் அளவுக் கிண்ணமோ எடுத்துக்கொள்ளுங்கள். கன்றுக்கு 20 முதல் 30 மில்லி, செம்மறிக் குட்டிக்கு 10 மில்லி போதும். முதலில் கையைக் கழுவுங்கள். அழுக்குக் கையால் கொடியைப் பிடித்தால் நாமே கிருமியை ஏற்றியதாகிவிடும்.

பிறந்து அரை மணிக்குள், கன்று நிற்கிறதோ படுத்திருக்கிறதோ, கொடி முழுவதையும் கிண்ணத்துக்குள் விட்டு, கிண்ணத்தின் விளிம்பு வயிற்றுத் தோலில் அழுந்தும்படி பிடியுங்கள். நின்றபடி இருந்தால் கிண்ணத்தை ஒரு முறை மெதுவாகச் சாய்த்து ஆட்டுங்கள், மருந்து கொடி வயிற்றோடு ஒட்டும் வளையத்தைத் தொட வேண்டும். கிட்டத்தட்ட அரை நிமிடம் அப்படியே இருக்கட்டும். எடுத்துப் பார்த்தால் கொடி நுனி முதல் அடி வரை பழுப்பு நிறம் ஏறியிருக்கும். எங்காவது வெள்ளையாகத் தெரிந்தால் இன்னொரு முறை முக்குங்கள். நான் பார்த்தவரை விட்டுப்போவது எப்போதும் அடிப்பகுதிதான், கிருமி நுழைவதும் அங்கேதான். கடுமையான டிங்சரை வயிறெங்கும் தடவி விடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

தாய் உடனே நக்கிவிடும். ஐந்து நிமிடம் தாயைத் தள்ளிக் கட்டுங்கள், அல்லது கன்றின் தலைப்பக்கத்தைத் தாய்க்குக் காட்டி அதை நக்கட்டும். பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும், அப்புறம் கொடி சுருங்கிக் கறுத்து, சுள்ளி போல ஆகும்வரை தினமும். வழக்கமாக இரண்டு மூன்று நாளில் அந்தப் பதத்துக்கு வந்துவிடும். மழை மாதத்தில் கூடுதலாக ஆகும்.

கிண்ணத்தில் மிஞ்சியதைப் புட்டிக்குள் திருப்பி ஊற்றாதீர்கள். சாணமும் ரத்தமும் பட்ட அயோடினில் கிருமி சாகாது.

கொடிய அறுத்துக் கட்டணும்னு எங்கப்பா சொல்வாரு. கட்டணுமா?

தானாக அறுந்த கொடியை அப்படியே விட்டுவிடுவது நல்லது. இழுபட்டு அறும்போது குழாய்கள் சுருங்கி வாயை மூடிக்கொள்ளும். கத்தியால் வெட்டினால் அப்படி மூடாது. கட்டிவிட்டால் கட்டுக்கு மேலே ஈரம் தங்கும்.

இரண்டு சமயங்களில் மட்டும் கட்டுங்கள். ஒன்று, ரத்தம் நிற்காமல் சொட்டும்போது. இன்னொன்று, கொடி நீளமாகத் தரையில் இழுபடும்போது. வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, அயோடினில் ஊறிய நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு, கொதிக்கவைத்த கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு உடனே முக்குங்கள். வயிற்றை ஒட்டி வெட்டவே கூடாது.

மஞ்சள், வேப்பெண்ணெய், சாம்பல்... இதெல்லாம் தலைமுறையா போடுறோமே?

மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் கொடி ஈரமாகவே இருக்கும். எண்ணெய் தடவினால் தூசி ஒட்டும், உலர்வது தள்ளிப்போகும். அடுப்புச் சாம்பல் உலர்த்தும், ஆனால் எதோடு சேர்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வேப்பெண்ணெயை ஈ அண்டாமலிருக்கக் கொடியைச் சுற்றியுள்ள தோலில் தடவலாம், அதுவும் அயோடின் காய்ந்த பிறகு. கொடியின்மேல் வேண்டாம்.

அயோடின் சரியா முக்கியும் மூட்டு வீங்கிடுச்சே. அப்ப இதுல என்ன பிரயோஜனம்?

சீம்பாலை எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்பேன். கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் சக்தி ஏறக்குறைய இல்லை. தாயின் நஞ்சுக்கொடி வழியாக அது இறங்குவதில்லை. சீம்பால் வழியாகத்தான் இறங்கும், அதுவும் குடல் அதை அப்படியே ரத்தத்துக்குள் விடும் நேரம் குறைவு. ஆறு மணி நேரத்திலிருந்தே அந்தக் கதவு மூட ஆரம்பிக்கும், ஒரு நாளில் கிட்டத்தட்ட மூடிவிடும்.

நம் பக்கம் இன்னும் பல வீடுகளில் நஞ்சு விழட்டும், அப்புறம் பால் விடலாம் என்று காத்திருக்கிறார்கள். நஞ்சு விழ எட்டு, பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். அதற்குள் பொழுது போய்விடும். கன்று ஊட்டினால் கருப்பை சுருங்கி நஞ்சு சீக்கிரம் விழவே வழி உண்டு. காத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை. முதல் பாலைச் சீம்பால் காய்ச்ச எடுத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பதும் நல்ல பழக்கம்தான், கன்று வயிறு நிறைந்த பிறகு.

கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வையுங்கள். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள், மீதி பன்னிரண்டு மணி நேரத்துக்குள். செம்மறிக் குட்டிக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 50 மில்லி. இரண்டரைக் கிலோ குட்டி என்றால் 125 மில்லி, ஒரு நாளில் மொத்தம் அரை லிட்டர் வரை. ஊட்டத் தெரியாத கன்றுக்குக் கறந்து புட்டியில் கொடுங்கள்.

இன்னொன்று தரை. முக்கிய கொடியோடு மூத்திரக் குட்டையில் படுத்தால் அயோடின் எத்தனை மணி நேரம் தாங்கும்? முட்டி போட்டு அந்தத் தரையில் கையூன்றிப் பாருங்கள். உங்கள் வேட்டியோ சேலையோ நனைந்தால் கன்றின் தொப்புளும் நனையும்.

மேச்சேரி ஆடு வச்சிருக்கோம். ஒரே வாரத்துல அஞ்சாறு குட்டி நொண்டுது. ஒட்டுவாரொட்டியா?

ஒன்றையொன்று தொட்டு வருவதைவிட, எல்லாக் குட்டியும் ஒரே இடத்திலிருந்து வாங்கிக்கொள்கின்றன என்பதே பொருந்தும். அந்த இடம் பெரும்பாலும் கொடாப்பு. பெரிய ஆடுகள் மேயப் போன பிறகு பத்துப் பதினைந்து குட்டிகளை அந்தப் பெரிய கூடையைக் கவிழ்த்து அடைத்து வைப்போம். ஒரே இடத்தில் ஒரு வாரம் வைத்தால் அடியில் மூத்திரமும் புழுக்கையும் குழைந்து கிடக்கும், மேலே காய்ந்த மண் மாதிரி தெரியும். காலால் கிளறினால் அடியில் ஈரம். குட்டிகளின் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அப்படிப்பட்ட படுக்கையில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கொடாப்பைத் தினமும் ஓரடி இரண்டடி நகர்த்துங்கள், பழைய இடத்தைச் சுரண்டி வெயில் படவிடுங்கள். இன்று பிறந்த குட்டியை மூன்று வாரக் குட்டிகளோடு ஒன்றாக அடைக்காதீர்கள். நொண்டுகிற குட்டியைத் தனியே வையுங்கள். குட்டி போடும் பருவத்தில் காதுத் தோடு குத்துவது, விதையடிப்பது போன்றவற்றைத் தொப்புள் காய்வதற்குள் செய்ய வேண்டாம். செய்கிற கருவியை ஒவ்வொரு குட்டிக்கும் நடுவில் மருந்தில் முக்குங்கள், அந்தப் புண்ணும் கிருமிக்கு ஒரு வாசல்தான்.

இந்த வகைக் கிருமிக்குப் பெனிசிலின் நன்றாகக் கேட்கும். ஆனால் முதல் நொண்டலிலேயே தொடங்கி, டாக்டர் சொன்ன நாள் முழுக்கப் போட வேண்டும். குட்டி நான்கு காலையும் ஒன்றாகச் சேர்த்து, முதுகைக் கூனி, தாயிடம் போகாமல் ஓரமாக நின்றால் வீக்கம் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். தொப்புள் முக்குவதை ஒழுங்காகச் செய்தும் சில பட்டிகளில் இந்த நோய் நிற்பதில்லை. அங்கே படுக்கையை மாற்றினால்தான் குறையும்.

மழைக் காலத்துல தொப்புள்ல புழு வச்சிடுது. அதுக்கும் இதேதானா?

ஈரத் தொப்புளில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு பொரிந்துவிடும். கன்று அடிக்கடி வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், காலால் உதைக்கும், கிட்டே போனால் கெட்ட நாற்றம். துணியை டர்பன்டைன் எண்ணெயில் நனைத்துப் புண் வாயில் சிறிது நேரம் வைத்தால் புழுக்கள் மூச்சுக்கு வெளியே வரும். இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுத்து, சலைனால் கழுவி, அயோடின் போடுங்கள். உள்ளே ஆழமாகத் துளைத்திருந்தால் டாக்டர்தான் பார்க்க வேண்டும். புழு வந்த தொப்புளில் கிருமியும் ஏறியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குக் காலையில் ஒரு தடவை மூட்டுகளைச் சோடி சோடியாகத் தொட்டுப் பாருங்கள்.

ஏற்காட்டில் பனியும் மழையும் சேர்ந்து நாள் கணக்கில் வெயிலே விழாத மாதங்களில் கொடி காய்வது தாமதமாகும். அங்கே கன்று ஈனும் இடத்தில் காய்ந்த வைக்கோலோ காப்பிக் கொட்டைத் தோலோ கனமாகப் பரப்பி, நனைந்ததைத் தினமும் அள்ள வேண்டியிருக்கும். கீழே ஓமலூர், தாரமங்கலம் பக்கம் வெயில் பாதி வேலையைச் செய்துகொடுத்துவிடும்.

தேறின கிடாரிய பால் மாடா வச்சுக்கலாமா?

ஒரு வருடக் கிடாரியாகும்போது நடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முன்முட்டி தடித்திருந்தாலும் மடக்கி எழ முடிந்தால் வைத்துக்கொள்ளலாம். பின்னங்கால் மூட்டு விறைத்த கிடாரி சினையின் கனத்தையும் மடியின் கனத்தையும் தாங்கச் சிரமப்படும். மலைச் சரிவில் மேய விடும் மாடென்றால் இன்னும் சிரமம். தொப்புளில் கயிறு போன்ற தடிப்பு இன்னும் இருந்தால் உள்ளே சீழ்க்கட்டி மிச்சமிருக்கிறது. அறுவை செய்து எடுத்துவிடலாம், தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

டிங்சர் புட்டி எத்தனை நாள் வச்சுக்கலாம்?

மூடி இறுக்கமாக இருந்து, வெயில் படாத இடத்தில் வைத்தால், புட்டியில் போட்டிருக்கும் தேதி வரைக்கும். மூடி தளர்ந்தால் ஆல்கஹால் பறந்துபோய் மருந்து கெட்டியாகிவிடும், அதைத் தொட்டால் தோல் புண்ணாகும். ஈனும் மாதம் தெரிந்ததும் புதிதாக 100 மில்லி வாங்கி, கிண்ணத்தையும் நூலையும் அதோடு ஒரு பையில் போட்டுக் கட்டுத்தரைத் தூணில் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிடுங்கள். மாடு ராத்திரியில் ஈன்றால் கடை திறந்திருக்காது.